அலை வழிச் செய்தி – 14: கோட்டைத் தாண்டிய புள்ளி

சென்ற வாரம் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் சங்கேதக் குறியீட்டை ரிசீவர் எப்படி இனம் காண்கிறது என்று பார்த்தோம். குறியீடு கிடைத்துவிட்டது. அதன் மேல் ஏறி வரும் செய்தியை இனிப் படிக்க வேண்டும். செயற்கைக்கோள் எந்தப் பாதையில் போகிறது, அதன் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்ற விவரங்கள் விநாடிக்கு 50 பிட் வேகத்தில் அந்த அலையில் வருகின்றன. அவற்றில் ஒரு பிட் எப்படித் தப்பாகப் படிக்கப்படுகிறது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஜி.பி.எஸ்.ஸின் பொதுப் பயன்பாட்டு சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையில் வருகிறது. அலையின் உயரமும் அலைவெண்ணும் மாறுவதில்லை. செய்தி ஏறுவது அதன் கட்டத்தில், அதாவது பேஸில். 0 என்றால் அலை அப்படியே போகும். 1 என்றால் மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமும் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் மேடுமாகத் தலைகீழாகிவிடும். 180 டிகிரித் திருப்பம். இரண்டே நிலைகள் கொண்ட இந்த முறைக்குப் பெயர் பி.பி.எஸ்.கே.

ரிசீவர் தன்னிடம் ஒரு சொந்த அலையை உருவாக்கி வைத்திருக்கிறது. வந்த அலை அதனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது ஓர் எண். கால் சுற்று தள்ளி வைத்த இன்னோர் அலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது இரண்டாவது எண். முதல் எண்ணைக் கிடை அச்சிலும் இரண்டாவதைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் ஒவ்வொரு பிட்டும் ஒரு புள்ளியாகிறது. இந்தப் படத்தைப் பொறியாளர்கள் கான்ஸ்டலேஷன் என்கிறார்கள். பி.பி.எஸ்.கே.யில் இருப்பவை இரண்டே புள்ளிகள்: வலப்புறம் +1, இடப்புறம் −1. நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடுதான் தீர்ப்புக் கோடு. அதற்கு வலப்புறம் விழுந்தால் 0, இடப்புறம் விழுந்தால் 1.

இரைச்சலே இல்லாவிட்டால் எல்லாப் பிட்டுகளும் அந்த இரண்டு புள்ளிகளின் மேலேயே வந்து விழும். ஆனால் மின்கடத்தி எதுவானாலும், அதன் வெப்பத்தால் உள்ளே எலக்ட்ரான்கள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. அந்த அலைச்சல் சிறு மின்னழுத்தமாக வெளிப்படுவதை பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்தார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு எழுதினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வந்தன. ஆன்டெனாவிலும் முதல் பெருக்கியிலும் சேரும் இந்த இரைச்சல் புள்ளியை எல்லாத் திசையிலும் ஒரே அளவில் உலுக்குகிறது. எனவே ஒரு புள்ளி இருந்த இடத்தில் வட்டமான ஒரு மேகம் தெரிகிறது. நடுவில் அடர்த்தி, ஓரத்தில் சிதறல்.

அந்த உலுக்கலில் பாதி நமக்குத் தீங்கு செய்வதே இல்லை. புள்ளி மேலே போனாலும் கீழே போனாலும் தீர்ப்புக் கோட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறாது. கிடையாக நகர்வதுதான் ஆபத்து. +1இல் இருக்க வேண்டிய புள்ளி இடப்புறம் ஒன்றுக்கு மேல் தள்ளப்பட்டால் கோட்டைத் தாண்டிவிடும்; 0 அனுப்பப்பட்டிருக்க, ரிசீவர் 1 என்று எழுதிக்கொள்ளும். ஆகவே பிட் தவறும் வாய்ப்பை நிர்ணயிப்பது ஒரே விகிதம்: கோடு வரை உள்ள தூரம், இரைச்சலின் வழக்கமான சிதறலைப் போல எத்தனை மடங்கு?

ஜி.பி.எஸ்.ஸில் இந்த விகிதம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பிட் நீடிப்பது 20 மில்லி விநாடி. அதற்குள் குறியீட்டின் சிப் எனப்படும் சிறு துண்டுகள் 20,460 இருக்கின்றன. திறந்த வானத்தின் கீழேகூட ஒரு சிப்பின் அளவை 1 என்று கொண்டால் இரைச்சலின் சிதறல் 4 அளவில் இருக்கும். தனி ஒரு சிப்பை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் குறியீடு தெரிந்திருப்பதால் 20,460 சிப்பையும் ஒரே குறிக்குத் திருப்பிக் கூட்டலாம். சிக்னல் 20,460 ஆகிறது. இரைச்சலோ கூட்டலும் கழித்தலுமாக வருவதால் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி, அதாவது 143 மடங்குதான், வளர்கிறது. 4 என்பது 572 ஆகிறது. விகிதம் ஏறத்தாழ 36. இவ்வளவு தூரத்தை இரைச்சல் தாண்டுவது நடைமுறையில் நிகழாத காரியம்.

இப்போது அடர்ந்த மரங்களும் கான்கிரீட்டும் மறைத்து, சிக்னலின் சக்தி நூறில் ஒரு பங்காகிறது என்று கொள்வோம். அலையின் உயரம் பத்தில் ஒன்றாகும்; விகிதம் 3.6க்கு இறங்கும். இந்த நிலையில் ஏறத்தாழ 6,300 பிட்டுக்கு ஒன்று தவறும். செய்தியின் ஒரு பகுதி 300 பிட் கொண்டது. பெரும்பாலும் பழுதில்லாமல் வந்துவிடும். சக்தி இன்னும் பாதியானால் விகிதம் 2.55. இப்போது 180 பிட்டுக்கு ஒன்று தவறுகிறது. சக்தி குறைந்தது இரண்டு மடங்கு. பிழை கூடியது முப்பது மடங்குக்கு மேல். மேகத்தின் ஓரத்தில் அடர்த்தி மிக வேகமாகக் குறைகிறது. கோடு அந்த ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தாலும் தாண்டும் புள்ளிகள் பல மடங்காகின்றன. அதனால்தான் சிக்னல் மெல்ல மெல்ல மங்கினாலும் ரிசீவர் திடீரென்று கைவிரிக்கிறது.

தவறியதை ரிசீவர் எப்படி அறிகிறது? ஒவ்வொரு 30 பிட்டிலும் கடைசி 6 சரிபார்ப்புக்கானவை. கணக்கு ஒத்துவராவிட்டால் அந்த 30 பிட்டும் தள்ளுபடி. பாதை விவரம் 30 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். அதுவரை காத்திருக்க வேண்டும். மரத்தடியில் புதிதாக இயக்கிய கருவி இடத்தைக் காட்ட நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செல்போன் இதே விவரத்தை மொபைல் நெட்வொர்க் வழியே வாங்கிக்கொள்வதால் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கிறது. செயற்கைக்கோள் நிலவரம் காட்டும் ஆப்களில் C/N0 என்ற எண்ணைப் பாருங்கள். நாம் கணக்கிட்ட திறந்தவெளி நிலை அதில் 45; விகிதம் 3.6 ஆகும் நிலை 25. பிட்டுகள் சிதையும் நிலை 22.

இரைச்சலோடு தொடர்பில்லாத இன்னொரு பிழையும் உண்டு. ரிசீவரின் சொந்த அலை சரியான கட்டத்தில் இல்லையென்றால் இரு புள்ளிகளும் சேர்ந்து சாய்ந்துவிடும். 60 டிகிரி சாய்ந்தால் கோட்டுக்கான தூரம் பாதியாகும். சக்தியில் முக்கால் பங்கை இழந்ததற்குச் சமம். கட்டம் பிடிபடாமல் சுழன்றுகொண்டே இருந்தால் இரண்டு மேகங்கள் போய் ஒரு வளையம் தெரியும். இதைத் தடுக்கக் காஸ்டஸ் வளையம் என்ற சுற்று அலையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் 180 டிகிரி திருப்பினாலும் இந்தப் படம் அதே படமாகத்தான் இருக்கும். சுற்று தலைகீழாகப் பிடித்துக்கொண்டால் மேகங்கள் அழகாகப் பிரிந்து நிற்கும். பிட் ஒவ்வொன்றும் தப்பாக இருக்கும். இதற்காகவே செய்தியின் ஒவ்வொரு பகுதியும் 10001011 என்று தொடங்குகிறது. அந்த இடத்தில் 01110100 வந்தால், வந்த பிட்டுகளை எல்லாம் ரிசீவர் புரட்டிப்போட்டுப் படிக்கிறது.

பயன்படாமல் கிடக்கும் செங்குத்து அச்சிலும் இரண்டு புள்ளிகளை வைத்தால் அதே நேரத்தில் இரண்டு மடங்கு செய்தி அனுப்பலாம். அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)