வாடகைப் பத்திரத்தில் தேதி முந்தலாமா?

ஜூன் 1ஆம் தேதி குடிவந்தாயிற்று. பத்திரம் எழுத நேரம் கிடைத்தது பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான். ஜூன் 10இல் முத்திரைத்தாள் வாங்கி, அதில் “ஜூன் 1ஆம் தேதி எழுதிக்கொண்ட வாடகை ஒப்பந்தம்” என்று டைப் செய்துவிடுகிறார்கள். வாடகைத் தகராறு நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இந்தத் தேதியைத்தான்.

தாளை விற்கும்போது வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை ஸ்டாம்ப் வெண்டர் தாளிலேயே எழுதிக் கையெழுத்திடுகிறார். அதே விவரம் அவருடைய பதிவேட்டிலும் ஏறுகிறது. விற்பனைக்கு முந்தைய தேதியில் அந்தத் தாளில் யாரும் கையெழுத்திட்டிருக்க முடியாது. பிறகு பத்திரம் முழுவதன் மீதும் சந்தேகம் விழும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். கையெழுத்திடும் நாளையே, ஜூன் 12 என்றால் ஜூன் 12 என்றே, பத்திரத்தின் தேதியாகப் போடுங்கள். “வாடகைக் காலம் ஜூன் 1 முதல் தொடங்குகிறது” என்று உள்ளே ஒரு வரி சேருங்கள். தாளை வீட்டு உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் பெயரில் வாங்குங்கள்.

பழைய தாள் ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்திய முத்திரைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொல்லும் ஆறு மாதம், பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான கெடு மட்டுமே. 1973லும் 1978லும் வாங்கிய இரு தாள்களில் 1980இல் எழுதப்பட்ட ஒரு விற்பனை ஒப்பந்தம் பற்றிய தமிழக வழக்கில், உச்ச நீதிமன்றம் 2008இல் இதைத் தெளிவுபடுத்தியது. தாள் பழையது என்பதற்காக மட்டும் பத்திரம் செல்லாமல் போகாது. ஆனால் பத்திரம் உண்மையானதா என்று ஆராயும்போது, அந்தப் பழமையும் ஒரு சந்தேகக் காரணமாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

அடுத்தது மதிப்பு. தமிழ்நாட்டில் 30 ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். மாதம் 12,000 ரூபாய் வீதம் 11 மாதத்துக்கு வாடகை 1,32,000. அதற்கு மட்டுமே தீர்வை 1,320 ரூபாய். 20 ரூபாய்த் தாளில் எழுதினால் 1,300 ரூபாய் குறைகிறது. அதனால் வாடகை உறவே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் 35ஆம் பிரிவின்படி, குறைந்த தீர்வையையும் அதற்கான அபராதத்தையும் கட்டும்வரை அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அபராதம் குறைந்த தொகையைப் போலப் பத்து மடங்கு, அதாவது 13,000 ரூபாய் வரை போகலாம்.

முத்திரை சரியாக இருந்தாலும் வேலை முடிந்துவிடாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். ஆகவே கையெழுத்திடும் முன் வெண்டர் எழுதிய தேதி, பெயர், தாளின் மதிப்பு மூன்றையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்தான பின் பதிவையும் தள்ளிப்போடாதீர்கள்.