கார்டைக் கழற்றுங்கள், குரூப்பில் போடாதீர்கள்

உளுந்தூர்பேட்டை அருகே நாலுவழிச் சாலை. எதிர்த்திசையில் வந்த பைக் உங்கள் காரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டவருக்காக 108-ஐ அழைத்தாயிற்று. அடுத்த வேலை டேஷ்கேமை அணைத்து மெமரி கார்டைக் கழற்றுவதுதான்.

டேஷ்கேம் ஓரிரு நிமிடத் துண்டுகளாகப் பதியும்; கார்டு நிறைந்ததும் பழைய துண்டின் மேலேயே புதியதை எழுதும். மோதிய அதிர்வில் ஒரு துண்டு மட்டும் அழியாமல் பூட்டப்படலாம். ஆனால் பைக் தவறான திசையில் திரும்பியது அதற்கு முந்தைய துண்டில் இருக்கும். கேமராவை அணைக்காமல் தொடர்ந்து ஓட்டினால் அது அழிந்துவிடலாம். கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தால் திருத்த வேண்டாம். எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்துவையுங்கள்.

கார்டு அடாப்டரின் பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளிவிட்டுக் கணினியில் ஒரு நகல் எடுங்கள். பிறகு போலீசிடம் கார்டை ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள்.

நகலை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க, பாரதிய சாட்சிய சட்டம் 2023-ன் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் பதிவை வைத்திருந்தவரும் இன்னொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பும் அதில் இடம்பெறும். அது கோப்பின் கைரேகை மாதிரி. விண்டோஸில் இப்படிப் பார்க்கலாம்:

```
certutil -hashfile FILE0142.MP4 SHA256
```

ஒரு நொடியை வெட்டினாலும் இந்த மதிப்பு முழுக்க மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால், அது சுருக்கப்பட்டு வேறு கோப்பாகவே போய்ச் சேரும். ‘இது அசல்தானா?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க அதுவே போதும்.

பதிவு உங்களுக்கு எதிராகவும் பேசும். திரையோரத்தில் 112 கி.மீ. வேகம் தெரியலாம், போனில் பேசிய குரலும் கேட்கலாம். அதற்காக அழித்துவிடாதீர்கள். தண்டனையிலிருந்து தப்ப ஆதாரத்தை அழிப்பது பாரதிய நியாய சங்கிதையின் 238-ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

பொதுச்சாலையைப் படம்பிடிக்கப் பொதுவான தடை கிடையாது. சிக்கல் பகிர்வதில்தான். பைக்கின் பின்னால் இருந்த சிறுவன் அடிபட்டிருந்தால், அவனை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவை மீறுவதாகும். ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ‘குடிகாரன் வந்து மோதினான்’ என்று ஆதாரமில்லாமல் எழுதிப் போட்டால் அவதூறு வழக்கும் வரலாம்.

அப்படிப் பரவும் வீடியோவில் இருப்பது நீங்கள் என்றால், இணைப்பையும் திரைப்பிடிப்பையும் முதலில் சேமியுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்; cybercrime.gov.in-லும் புகார் பதியலாம்.