விளக்கு எரியும்போது நேரம் கடந்திருக்கும்

ஆயில் மாற்றும் தேதியைத் தவறவிடாதவர்களின் எஞ்சினும் மலைப்பாதையில் சீஸ் ஆகிறது. காரணம், இரண்டு சர்வீஸ்களுக்கு இடையே யாரும் உருவிப் பார்க்காத ஒரு குச்சி.

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் ஜீப்புகள் நிறையத் தொடங்கிவிடுகின்றன. தேனி மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள் எல்லை தாண்டி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போவதும் மாலையில் திரும்புவதும் இந்த வண்டிகளில்தான். போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று பிரியும் எஸ்டேட் தடங்கள். நெருக்கியடித்து உட்கார்ந்த ஆட்களோடு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கி முனகி ஏறுகிறது பழைய டீசல் எஞ்சின். பிரேக்கைப் பற்றியும் டயரைப் பற்றியும் ஓட்டுனர்களுக்குக் கவலை உண்டு. ஆயிலைப் பற்றிக் கேட்டால், “போன சர்வீஸ்லதானே மாத்தினோம்” என்பதுதான் வழக்கமான பதில்.

இந்தப் பதிலில்தான் வில்லங்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் 5 லிட்டர் ஆயில் கொள்ளும் ஜீப் ஒன்று, தினமும் போகவர 80 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதம் 25 நாள் என்றால் 2,000 கிலோமீட்டர். ரிங்குகள் தேய்ந்த பழைய டீசல் எஞ்சின் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயிலைக் குடிப்பது அதிசயமல்ல. கசிவு இருந்தால் இன்னும் கூடும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது உரிமையாளரின் வழக்கம். அதை அவர் தவறவிடுவதும் இல்லை. ஆனால் அடுத்த சர்வீஸ் வரும் நாளில் உள்ளே இருப்பது 2.5 லிட்டர். பாதி ஆயில் போயே போய்விட்டது. பழைய ஆயிலைத் திறந்துவிடும்போது எவ்வளவு வந்தது என்று அளந்து பார்க்கும் பழக்கம் ஒர்க்ஷாப்களில் இல்லாததால், இந்தப் பாதி யார் கண்ணிலும் படுவதில்லை.

பாதி ஆயில் இருந்தும் எஞ்சின் ஏன் சாக வேண்டும்? ஆயில் உள்ளே செய்யும் வேலையைப் பார்த்தால் இது விளங்கும். எஞ்சினின் அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டியில் ஆயில் தேங்கி நிற்கிறது. அதில் மூழ்கிய ஒரு வலைக்குழாய் வழியாகப் பம்ப் அதை உறிஞ்சி, கிராங்க்ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் அழுத்தத்தோடு அனுப்புகிறது. கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் பருமன்தான். கிராங்க் சுழலும்போது ஆயிலை இந்த இடைவெளிக்குள் ஆப்பு போல இழுத்துக்கொண்டு, அதன் மேல் மிதக்கிறது. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயர் தரையைத் தொடாமல் வழுக்குமே, கிட்டத்தட்ட அதே கதை. எஞ்சின் நல்லபடியாக ஓடும்வரை இரும்பும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சினால் இந்த மிதப்பு போய்விடுகிறது. உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. பேரிங்கின் மேற்பூச்சு ஈயம், வெள்ளீயம் போன்ற மென்மையான உலோகங்களால் ஆனது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உரசலின் சூடு அதைச் சில நொடிகளில் எட்டும். உருகிய பூச்சு கிராங்க்கின் மீது அப்பிக்கொள்கிறது. பேரிங் தன் இடத்தை விட்டுச் சுழன்று ஆயில் வரும் துவாரத்தையே அடைத்துவிடுகிறது. கடைசியில் இரண்டும் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ள, கிராங்க் நின்றுவிடுகிறது. சில சமயம் கனெக்டிங் ராட் முறிந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

மேலே சிலிண்டருக்குள்ளும் இதே நாசம்தான். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டனைக் குளிரவைப்பதில் பெரும் பங்கு ஆயிலுக்கு. அது கிடைக்காத பிஸ்டன் ஊதிப்போய்ச் சிலிண்டர் சுவரைக் கீறி, இறுகிக்கொள்கிறது.

மலைப்பாதைக்கு வருவோம். சமதளத்தில் 3 லிட்டர் ஆயில் இருந்தாலும் வலைக்குழாய் மூழ்கியே இருக்கலாம். ஆனால் ஏற்றத்தில் ஆயில் சம்பின் பின்பக்கம் ஒதுங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் பக்கவாட்டில் சாய்கிறது. குழாயின் வாய் சில நொடிகள் வெளியே தெரிகிறது. வளைவு முடிந்ததும் ஆயில் மறுபடி வந்து மூடிக்கொள்கிறது. ஆக, 17 வளைவு என்றால் 17 முறை எஞ்சின் தாகத்தில் தவிக்கிறது. அதுவும் வண்டி முழுப் பாரத்தோடு இருக்கும்போது, ஆயில் சூடேறி நீர்த்துப்போயிருக்கும்போது.

டாஷ்போர்டில் எண்ணெய்க் குப்பி வடிவில் சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது எச்சரிக்காதா? இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. ஓடும் எஞ்சினில் ஆயில் அழுத்தம் பொதுவாக 2 முதல் 4 பார் வரை இருக்கும். பல வண்டிகளில் விளக்கு எரிவதோ அது அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகு. ஆயில் முக்கால்வாசி வற்றினாலும், குழாயின் வாய் மூழ்கியிருக்கும்வரை விளக்கு சமர்த்தாக அணைந்தே இருக்கும். ரத்த அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது மட்டும் மணியடிக்கும் கருவியை நம்பி ஒரு நோயாளியை விட்டுவைப்பது போன்றது இது.

ஆனாலும் மலைப்பாதை ஒரு உபகாரம் செய்கிறது. சமதளத்தில் கிடைக்காத முன்னறிவிப்பை அது தருகிறது. வளைவில் திரும்பும்போதோ, அழுத்திப் பிரேக் போடும்போதோ விளக்கு ஒரு கணம் மினுக்கி அணையும். வயரில் ஏதோ கோளாறு என்று அதை ஒதுக்கிவிடுவது சகஜம். உண்மையில் ஆயில் குறைந்ததற்கான முதல் நம்பகமான அறிகுறி அதுதான். அடுத்தது சத்தம். முதலில் எஞ்சினின் மேல்பகுதியில் டப்பெட் ‘டிக் டிக்’ என்று சத்தமிடும். அது எஞ்சின் சூடான பிறகும் அடங்காது. பிறகு ஆக்சிலேட்டரை அழுத்தும்போது அடியிலிருந்து ‘கட் கட்’ என்று கனத்த ஓசை கேட்கும். இது கேட்டுவிட்டால் பேரிங் கெட்டுவிட்டது என்று பொருள். ஆயிலை ஊற்றினாலும் அது திரும்பி வராது. அதன் பிறகு இழுவை குறைவதும், சூட்டு முள் ஏறுவதும், தீய்ந்த வாடையும் கடைசிக் கட்டத்தின் அடையாளங்கள்.

அப்போது என்ன செய்வது? விளக்கு மினுக்காமல் நிலையாக எரிந்தால் அடுத்த ஊர்வரை ஓட்டிப்போகலாம் என்ற எண்ணமே கூடாது. ஓரம்கட்டி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. கியரில் இறங்கும் வண்டியின் எஞ்சின் திடீரென்று இறுகினால், அதோடு பின்சக்கரங்களும் இறுகி வண்டி சறுக்கும். கிளட்சை மிதித்தால்தான் சக்கரங்கள் விடுபடும். பூஸ்டர் பிரேக் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றபின் பூஸ்டரின் உதவி இரண்டொரு மிதிக்குத்தான் கிடைக்கும். எனவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும்.

பாலக்காட்டுப் பக்கம் பிரச்சினையின் முகம் வேறு. வாளையாறைத் தாண்டிக் கோவைக்கு வேலைக்கு வருபவர்களின் பாதை பெரும்பாலும் சமதளம். ஆனால் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும் பகுதி அது. அங்கே பலியாவது பைக்குகள். 100 சிசி பைக் ஒன்றின் எஞ்சினில் இருப்பது சுமார் 900 மில்லி ஆயில்தான். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் சூட்டை ஏந்திச் செல்லும் பெரும் வேலையும் அந்த ஆயிலுக்கே. ஆயிரம் கிலோமீட்டருக்கு 100 மில்லி எரிக்கும் வண்டி, 5,000 கிலோமீட்டர் கவனிக்கப்படாமல் ஓடினால் மிஞ்சுவது 400 மில்லி. இத்தகைய பைக்குகள் பலவற்றில் ஆயில் விளக்கே கிடையாது. திடீரென்று இழுவை குறைந்து, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் தோன்றினால், கிளட்சைப் பிடித்துக்கொள்வதுதான் ஓட்டுபவரைக் காப்பாற்றும்.

சீஸ் ஆன எஞ்சினைக் கழற்றினால் செலவு சேதத்தைப் பொறுத்தது. கிராங்க்கைக் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ கடைந்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். சிலிண்டரை போரிங் செய்து பெரிய பிஸ்டன் போடலாம். பிளாக் உடைந்திருந்தால் பெரும்பாலும் வேறு எஞ்சின்தான் வழி. இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. வழக்கமான மோட்டார் பாலிசிகள் எந்திரக் கோளாறை ஏற்பதில்லை. எஸ்டேட் தடத்தில் பாறை தட்டிச் சம்ப் உடைந்தால் அது விபத்து. சம்புக்கு இழப்பீடு கேட்கலாம். ஆயில் ஒழுகுவதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஓட்டி எஞ்சின் சீஸ் ஆனால், அது விபத்தைத் தொடர்ந்து நேர்ந்த சேதம் என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். எனவே அடியில் ‘டங்’ என்று சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி, குனிந்து பார்ப்பது லாபம்.

தடுப்பு வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். மலையூரில் வீட்டு வாசலே சரிவாக இருந்தால் குச்சி பொய் சொல்லும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஆயில் சம்புக்கு இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்ப்பது இன்னும் சுலபம். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். பல கார், ஜீப்புகளில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர். குறைந்திருந்தால் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றிப் பார்க்கலாம். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்கவைக்கும். நுரையும் காற்றைப் போலத்தான் பேரிங்கைப் பட்டினி போடும். பைக்கைப் பொறுத்தவரை நிமிர்த்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். குச்சியைத் திருகிச் செருகுவதா, சும்மா நுழைப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறுவதால் அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மலையேறும் பழைய ஜீப்புக்கு வாரம் ஒருமுறை இந்தச் சோதனை தேவை. ஊற்றிய அளவையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்துவந்தால், இரண்டு மாதத்தில் எஞ்சினின் பசி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்த வண்டி திடீரென்று 1,000 கிலோமீட்டருக்கே அதைக் கேட்டால், நீலப் புகையையோ நிறுத்திய இடத்தில் எண்ணெய்த் திட்டையோ தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் அதே கிரேடு ஆயில் ஒரு லிட்டர் எப்போதும் இருக்கட்டும். போடிமெட்டு வளைவில் நின்றுகொண்டு அதைத் தேடிப் போக முடியாது.