ஒரு தட்டு, இரண்டு துடிப்பு

பொத்தானை அழுத்தி விட்டால் விளக்கு எரிய வேண்டும். மறுமுறை அழுத்தி விட்டால் அணைய வேண்டும். மின்னணுவியல் பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே கட்டிப் பார்க்கும் சுற்று இது. வேலையைச் செய்வது ஃபிளிப்-ஃப்ளாப் என்னும் சில்லு. அதன் கிளாக் முனையில் மின்னழுத்தம் மேலேறும் ஒவ்வொரு தடவையும் அது நிலை மாறும். ஆனால் சில நேரம் அழுத்தி விட்டாலும் விளக்கு அப்படியே இருக்கும். சில்லு சும்மா இருந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கை ஏற்றி அணைத்துவிட்டது.

பழி, நல்லெண்ணத்தோடு சேர்த்த மின்தேக்கியின் மேல்தான். பொத்தானின் உலோகத் தகடுகள் தொடும்போது துள்ளும். அதை அடக்க 10 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ப்பது வழக்கம். பொத்தானை விட்டதும் மின்தேக்கி 5 வோல்ட்டை நோக்கி மெல்ல நிரம்பும். பாதி வழியில், 2.5 வோல்ட் அருகே, மைக்ரோ விநாடிக்கு 2.5 மில்லிவோல்ட்தான் ஏறும். பெரும்பாலும் அந்த இடத்தை ஒட்டித்தான், வந்தது 0-வா 1-ஆ என்று சில்லு முடிவு செய்கிறது.

இப்போது கம்பியில் 50 மில்லிவோல்ட் இரைச்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த அளவைக் கடக்க இந்த மந்தமான ஏற்றத்துக்கு 20 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் மின்னழுத்தம் எல்லைக்கோட்டைத் தாண்டும், சறுக்கும், மறுபடி தாண்டும். சில்லுக்கோ சில பத்து நானோ விநாடித் துடிப்பே போதும். 5 வோல்ட்டை 5 நானோ விநாடியில் ஏறும் கிளாக்காக இருந்தால், அதே இரைச்சலை 50 பிக்கோ விநாடியில் கடந்திருக்கும்.

இரைச்சல் வெளியிலிருந்து வரவேண்டும் என்பதும் இல்லை. சில்லின் வெளியீடு மாறும்போது அதன் தரைக்காலில் திடீரென மின்னோட்டம் பாய்கிறது. சில்லுக்குள் இருக்கும் தரை ஒரு கணம் உயர்கிறது. அந்தத் தரையிலிருந்து பார்த்தால், ஏறிக்கொண்டிருந்த கிளாக் சற்று இறங்கி மீண்டும் ஏறியதாகத் தோன்றும்.

மந்தமான விளிம்பு கேட்டின் தாமதத்தையும் நீட்டிவிடுகிறது. சிமாஸ் கேட்டில் மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒன்று. உள்ளீடு நடுவில் தயங்கும்போது இரண்டும் அரைகுறையாகத் திறந்து எதிரெதிராக இழுக்கும். எஞ்சும் சிறு மின்னோட்டம்தான் வெளியீட்டை நகர்த்தும். அதனால் அது பிந்தும், சில்லும் வீணாக மின்சாரம் குடிக்கும். 74HC சில்லுகளின் தரவுத்தாள் தாமதத்தை 6 நானோ விநாடி விளிம்பில் அளந்து தருகிறது. 4.5 வோல்ட்டில் அது பொதுவாக அனுமதிக்கும் உச்சவரம்பு 500 நானோ விநாடி. நமது பொத்தானின் விளிம்போ 2 மில்லி விநாடிக்கு மேல்.

ஆஸிலாஸ்கோப்பில் முழு ஏற்றத்தையும் பார்த்தால் வளைவு வழவழப்பாகத் தெரிந்து ஏமாற்றும். 2.5 வோல்ட் அருகே நேர அளவை மைக்ரோ விநாடிக்குச் சுருக்கினால் நடுக்கம் தெரியும். மின்தேக்கிக்கும் கிளாக் முனைக்கும் இடையே 74HC14 என்ற ஷ்மிட் டிரிகர் சில்லை வைத்தால் போதும். ஏறும்போது ஓர் எல்லை, இறங்கும்போது ஏறக்குறைய 1 வோல்ட் தாழ்ந்த வேறோர் எல்லை என்று அது வைத்துக்கொள்வதால், 50 மில்லிவோல்ட் நடுக்கத்தால் அதைத் திருப்ப முடியாது. ஒன்று, அது சமிக்ஞையைத் தலைகீழாக்கும். அதனால் விளக்கு இனி பொத்தானை விடும்போது அல்ல, அழுத்தும்போதே மாறும்.