பல் கூச்சம் போக எத்தனை வாரம்?

ஐஸ் தண்ணீர் பட்டதும் பல்லில் சுளீரென்று ஏறும் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தரும் பேஸ்ட்கள் பலவற்றில் இருக்கும் மருந்து, பட்டாசுத் தொழிலில் புழங்கும் அதே வெடியுப்புதான். ட்யூபின் பின்புறம் அதன் பெயர் பொட்டாசியம் நைட்ரேட். அளவு 5 சதவீதம். மில்டன் ஹோடாஷ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1974இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் இதைப் பற்றி எழுதினார். அதன்பிறகே இது பேஸ்ட்டுக்குள் பரவலாக வந்தது. நம்மூரில் சென்சோடென்ட் கே போன்ற பேஸ்ட்கள் இந்த வகை.

வாங்கியவர்கள் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றேதான்: "நாலு நாள் தேய்ச்சேன், ஒண்ணும் கேட்கல." நாலு நாளில் கேட்காதது நியாயம். இந்த மருந்து வேலை செய்யும் விதத்தில் நாலு நாள் என்பது தொடக்கம்கூட அல்ல.

காரணம் பல்லின் உள்ளமைப்பில் இருக்கிறது. வெளியே தெரியும் வெள்ளை எனாமலுக்கு அடியில் டென்டின் என்ற மஞ்சள் நிறப் பகுதி உண்டு. அதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் நுண்குழாய்கள், ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. அவை பல்லின் நடுவே நரம்பு இருக்கும் இடம்வரை போகின்றன. உள்ளே திரவம் நிறைந்திருக்கிறது. ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிந்தாலோ, எனாமல் தேய்ந்தாலோ குழாய்களின் வாய் திறந்துகொள்ளும். குளிர்ச்சியோ காற்றோ பட்டதும் திரவம் சட்டென்று நகரும். அந்த அசைவு நரம்பைக் கிள்ளும். ஸ்வீடனின் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் சோதனைகள் செய்து நிறுவிய விளக்கம் இது. இன்றுவரை பெரும்பாலோர் ஏற்பதும் இதைத்தான்.

ஆக, கூச்சத்தை நிறுத்த இரண்டே வழி. நரம்பை மந்தமாக்க வேண்டும், இல்லையென்றால் குழாயின் வாயை அடைக்க வேண்டும். கடையில் வரிசையாக நிற்கும் அத்தனை ட்யூப்களும் இந்த இரண்டு கட்சிக்குள் அடங்கிவிடும். எத்தனை நாளில் குணம் தெரியும் என்பதும் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்ததே.

பொட்டாசியம் நைட்ரேட் முதல் கட்சி. நரம்புக்குள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் நரம்பு சமிக்ஞை அனுப்புகிறது. வெளியேயும் பொட்டாசியம் கூடிவிட்டால் ஏற்றத்தாழ்வு குறையும். ஒருமுறை தூண்டப்பட்ட நரம்பால் மறுபடி தயாராக முடியாது. ஆய்வகத்தில் விலங்கு நரம்புகளை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் வாயில் தேய்க்கும் பேஸ்ட்டிலிருந்து அந்தப் பொட்டாசியம் நுண்குழாய் வழியாக நரம்புவரை போய்ச் சேர வேண்டுமே! குழாயில் திரவம் உள்ளிருந்து வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. பொட்டாசியம் அதற்கு எதிர்த்திசையில் ஊர்ந்து போக வேண்டும். போனதில் ஒரு பங்கை அந்தக் கசிவு அடித்துக்கொண்டும் வந்துவிடும். அதனால்தான் காலை, இரவு என்று விடாமல் தேய்க்கச் சொல்கிறார்கள். இரண்டு வாரத்தில் லேசாக வித்தியாசம் தெரியலாம். நான்கு வாரத்தில் தெளிவாகும். முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். நிறுத்தினால் கூச்சம் மெல்லத் திரும்பும், ஏனென்றால் குழாய் இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

இந்தப் பலன் எவ்வளவு உறுதியானது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் 2006ஆம் ஆண்டு மதிப்பீட்டில், ஆறு முதல் எட்டு வாரத்தில் காற்று ஊதியும் கூர்முனையால் தொட்டும் பார்த்த சோதனைகளில் பொட்டாசியம் பேஸ்ட் முன்னேற்றம் காட்டியது. ஆனால் "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று நோயாளியிடமே கேட்டபோது அந்த வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. வலுவான ஆதாரம் இல்லை என்றே அவர்கள் முடித்தார்கள். சாதாரண பேஸ்ட் கொடுக்கப்பட்டவர்களுக்கும் இந்த வகை ஆய்வுகளில் கூச்சம் கணிசமாகக் குறைந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். ஆய்வில் சேர்ந்தவர் ஒழுங்காக, நிதானமாகப் பல் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார் அல்லவா, அதுவே பாதி மருந்து.

அடைக்கும் கட்சியில் மூத்தது ஸ்ட்ரான்சியம். 1961இல் சென்சோடைன் முதலில் வந்தபோது அதில் இருந்தது 10 சதவீத ஸ்ட்ரான்சியம் குளோரைடு. ஃப்ளூரைடோடு அது ஒத்துப்போகாததால் மெல்லப் பின்னுக்குப் போனது.

இப்போது கவனிக்க வேண்டியது ஆர்ஜினின். நம் உணவிலேயே இருக்கும் அமினோ அமிலம் இது. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் கிளைன்பெர்க் உருவாக்கிய சேர்மானத்தைக் கோல்கேட் நிறுவனம் வளர்த்தெடுத்து, 8 சதவீத ஆர்ஜினினும் கால்சியம் கார்பனேட்டும் கொண்ட பேஸ்ட்டாகக் கொண்டுவந்தது. கோல்கேட் சென்சிட்டிவ் ப்ரோ-ரிலீஃப் அதுதான். ஆர்ஜினினுக்கு நேர் மின்னூட்டம், டென்டின் பரப்புக்கு எதிர் மின்னூட்டம், ஒட்டிக்கொள்கின்றன. கூடவே கால்சியமும் படிந்து குழாய் வாயில் அடைப்பு உண்டாகிறது. கூசும் இடத்தில் பேஸ்ட்டை விரல் நுனியால் ஒரு நிமிடம் தேய்த்தால் உடனே குறைவதாகச் சோதனைகள் காட்டின. பல சோதனைகளுக்குப் பணம் கொடுத்தது தயாரிப்பாளரே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வழக்கம்போல் பிரஷ்ஷில் வைத்துத் தேய்த்தால் இதற்கும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். விரல் நுனி, நேராகக் கூசும் இடம், ஒரு நிமிடம்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் 'உடனடி'.

இன்னொன்று கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட். இதன் வியாபாரப் பெயர் நோவாமின். 1969இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் எலும்போடு ஒட்டும் கண்ணாடி ஒன்றை உருவாக்கினார். அதன் பொடிதான் இது. எச்சில் பட்டதும் பொடியிலிருந்து சோடியம் வெளியேறுகிறது, கால்சியமும் பாஸ்பேட்டும் படிகின்றன, பல்லின் தாதுவைப் போன்ற மெல்லிய படலம் உண்டாகிறது. தண்ணீர் பட்டாலே இந்த வேலை தொடங்கிவிடும் என்பதால் பேஸ்ட்டுக்குள் தண்ணீரே இருக்காது, கிளிசரின்தான் அடிப்படை. இந்தியாவில் சென்சோடைன் ரிப்பேர் அண்ட் புரொடெக்ட், டாக்டர் ரெட்டீஸின் வான்டெஜ் ஆகியவற்றில் இது உண்டு. மாறுதல் தெரிய இரண்டு வாரம், நன்றாகத் தெரிய நான்கு முதல் ஆறு வாரம். ஸ்டானஸ் ஃப்ளூரைடு என்ற வெள்ளீய உப்பும் இதே கட்சி. அதன் அடைப்பு அமிலத்தை ஓரளவு தாங்கும், ஆனால் நாள்பட்டால் பல்லில் பழுப்புக் கறை விழலாம்.

ட்யூபின் முன்பக்கத்தை நம்பி வாங்குவதில் ஆபத்து உண்டு. 2022இல் இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 'உலகின் நம்பர் 1', 'உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்று சொன்ன சென்சோடைன் விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. பின்பக்கத்து மருந்துப் பெயரில் அத்தனை கவர்ச்சி இல்லை, ஆனால் தகவல் அங்கேதான் இருக்கிறது.

நடைமுறையில் எப்படிப் பார்ப்பது? ஓர் ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்வோம்: வயது 42, வலது கைக்காரர், கடினமான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பவர். வலது கைக்காரர்களுக்கு இடப்பக்க ஈறு அதிகம் இறங்குவது வழக்கம். இவருக்கும் இடப்பக்க மேல் கோரைப்பல்லிலும் அதன் பக்கத்துப் பல்லிலும் வேர் ஒரு மில்லிமீட்டர் தெரிகிறது. காலையில் எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் தேய்க்கிறார்.

அவர் முதல் நாளே ஃப்ரிட்ஜ் தண்ணீரை அந்த இடத்தில் படவிட்டு, கூச்சத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுக் காலண்டரில் எழுதிவிட வேண்டும். ஏழு என்று வைத்துக்கொள்வோம். பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டை மென்மையான பிரஷ்ஷில் ஓர் அங்குல நீளம் வைத்து, காலையும் இரவும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் தேய்க்கிறார். துப்பியபின் வாயை மடக்கு மடக்காகக் கொப்பளிப்பதில்லை. கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். எலுமிச்சைச் சாறு பல் தேய்த்தபின், கொஞ்சம் இடைவெளி விட்டு. இரண்டாம் வாரம் அதே தண்ணீர் சோதனையில் ஆறு வந்தால் சோர வேண்டாம், அந்த மருந்தின் வேகம் அவ்வளவுதான். நான்காம் வாரம் நான்குக்கு இறங்கியிருந்தால் தொடரலாம், எட்டாம் வாரம் இன்னும் குறையக்கூடும். நான்காம் வாரமும் ஏழே என்றால், அதே வகையில் வேறு பிராண்டுக்குத் தாவிப் பயனில்லை; அடைக்கும் கட்சியில் ஒன்றுக்கு மாற வேண்டும். அடுத்த வாரமே வீட்டில் கல்யாணம், ஐஸ்கிரீம் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் முதலிலேயே ஆர்ஜினினை விரலால் தேய்ப்பது புத்திசாலித்தனம்.

நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர். ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்று மாற்றி, எதற்கும் உரிய அவகாசம் தராமல் எல்லாமே ஏமாற்று என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். அடைக்கும் பேஸ்ட் போட்டுக்கொண்டே நாள் முழுக்கக் கோலாவும் எலுமிச்சையும் குடித்தால் அடைப்பு கரைந்துகொண்டே போகும். பழியும் பேஸ்ட் மேல்தான் விழும்.

இன்னொன்றையும் பார்த்து வாங்க வேண்டும்: கூச்ச பேஸ்ட்களில் சிலவற்றில் ஃப்ளூரைடு கிடையாது. வெளியே தெரியும் வேர் எனாமலைவிட மென்மையானது, சீக்கிரம் சொத்தையாகும். மாதக்கணக்கில் ஒரே பேஸ்ட் தேய்ப்பவருக்கு ஃப்ளூரைடு உள்ளதே நல்லது.

அமெரிக்காவில் பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டின் அட்டையில், பல் மருத்துவர் சொல்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை உண்டு. கூச்சத்தின் வேடத்தில் வேறு நோய் ஒளிந்திருக்கலாம் என்பதே காரணம். உண்மையான பல் கூச்சம் சுளீரென்று வரும், குளிர்ச்சி நீங்கியதும் சில நொடிகளில் போகும். தண்ணீரை விழுங்கியபின்னும் வலி அரை நிமிடத்துக்கு மேல் நின்றால், சூடு பட்டால் அதிகமானால், இரவில் தானாகத் தொடங்கித் தூக்கத்தைக் கெடுத்தால், உள்ளே நரம்பு வீங்கியிருக்கக்கூடும். கடிக்கும்போதோ கடித்து விடும்போதோ ஒரே பல்லில் குத்தினால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றுக்கு எந்த ட்யூபும் உதவாது. பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். வெறும் வேர்தான் வெளியே தெரிகிறது, நோய் வேறில்லை என்றால் அந்த இடத்தில் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசுவார், குழி விழுந்திருந்தால் பல் நிறத்திலேயே அடைத்துவிடுவார்.