காய்ச்சல் தணிந்த பின்னரும் கூடும் ஆபத்து

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டவர்கள் சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தமை மக்களைப் பெரும் அச்சத்துக்குள்ளாக்கியது. அது எலிக்காய்ச்சல் என்பது பின்னர் பரிசோதனைகள் மூலமே தெரியவந்தது. நோயின் பெயரை அறிய நாட்கள் செல்லலாம். ஆனால் விடுதியில் இருக்கும் நோயாளியின் நிலை மோசமடைகின்றதா என்பதைக் கட்டிலருகிலேயே, சில மணித்தியாலங்களுக்குள் அறிந்துகொள்ள வழியுண்டு. முன்னெச்சரிக்கைப் புள்ளி முறை என்பது அதுவேயாகும்.

பிரித்தானியாவின் ரோயல் வைத்தியர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய அட்டவணை இவற்றுள் பெயர்பெற்றது. சுவாச வீதம், குருதியின் ஒட்சிசன் அளவு, குருதியமுக்கம், நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல் வெப்பநிலை ஆகிய ஆறுக்கும், இயல்பிலிருந்து விலகும் அளவைப் பொறுத்து, 0 முதல் 3 வரை புள்ளி இடப்படும். ஒட்சிசன் கொடுக்கப்படுமாயின் மேலும் 2 சேரும். கூட்டுத்தொகை 5 ஆனால் வைத்தியர் அவசரமாகப் பார்க்க வேண்டும். மணிக்கொரு தடவையேனும் அளவிட வேண்டும். 7 அல்லது அதற்கு மேலாயின் அது உயிராபத்து நிலையாகக் கருதப்படும்.

ஒரு பயிற்சியாக இதனைப் பார்ப்போம். வயலில் வேலைசெய்யும் 45 வயதுடைய ஒருவர் மூன்று நாட்காய்ச்சலுடன் விடுதியில் சேர்க்கப்படுகின்றார் என வைத்துக்கொள்வோம். பிற்பகல் 2 மணிக்கு அவரது வெப்பநிலை 38.6 பாகை செல்சியஸ், நாடித்துடிப்பு 96. இவ்விரண்டுக்கும் ஒவ்வொரு புள்ளி. நிமிடத்துக்கு 18 சுவாசம், ஒட்சிசன் 97 சதவீதம், மேல் குருதியமுக்கம் 118, தெளிவான நினைவு ஆகியவற்றுக்குப் புள்ளியில்லை. மொத்தம் 2.

பரசிற்றமோல் கொடுத்த பின், மாலை 6 மணிக்கு வெப்பநிலை 37.8 ஆகக் குறைகின்றது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று உறவினர் ஆறுதலடைகின்றனர். ஆனால் அட்டவணை வேறு கதை சொல்கின்றது. சுவாசம் 22 (2 புள்ளி), ஒட்சிசன் 95 (1), குருதியமுக்கம் 108 (1), நாடி 104 (1), வெப்பநிலைக்குப் புள்ளியில்லை. மொத்தம் 5. தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் எவரையும் திடுக்கிட வைக்காது. நான்கும் ஒரே திசையில் நகர்ந்திருப்பதுதான் செய்தி.

இங்கேதான் வைத்தியரின் சிந்தனை தொடங்க வேண்டும். மூச்சும் நாடியும் விரைவானதற்குக் காய்ச்சலே காரணமாயின், காய்ச்சல் தணிய அவையும் தணிந்திருக்க வேண்டும். அவை தணியாமல் ஏறினவெனில், ஒன்றில் நுரையீரல் பாதிக்கப்படுகின்றது, அல்லது குருதியோட்டம் குன்றி உடலில் சேரும் அமிலத்தை வெளியேற்ற மூச்சு விரைகின்றது. வயல்வேலை, கெண்டைக்கால் தசைநோவு, குறைந்துவிட்ட சிறுநீர் என்பனவும் சேரும்போது எலிக்காய்ச்சல் முதற்சந்தேகமாகின்றது. ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நாளத்தினூடாகத் தொடங்குவதும், நெஞ்சுப் படம் எடுப்பதும், சிறுநீரை அளப்பதும் அப்போதே செய்ய வேண்டியவை.

அந்த 6 மணி தவறவிடப்பட்டால், இரவு 10 மணிக்குச் சுவாசம் 26, ஒட்சிசன் 92, குருதியமுக்கம் 98, நாடி 118 என்றாகலாம். வெப்பநிலையோ 37.4 மட்டுமே. மொத்தம் 9. தீவிர சிகிச்சைப் பிரிவின் உதவி அக்கணமே தேவை.

தவறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நேர்கின்றது. முதலாவது, சுவாசத்தை எண்ணாமல் எழுதுவது. விடுதியிலுள்ள எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று பதிவாகியிருந்தால் அங்கே எவரும் எண்ணவில்லை என்பதே பொருள். மார்பின் ஏற்றத்தைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். இரண்டாவது, செய்தி சொல்லும் விதம். “டொக்டர், எட்டாம் கட்டில்காரருக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு” என்றால் வேலைப்பளுவில் அது பின்தள்ளப்படலாம். “எட்டாம் கட்டில், புள்ளி 2இலிருந்து 5 ஆகியிருக்கு, மூச்சு 22, பிறசர் இறங்குது” என்றால் தட்டிக்கழிக்க முடியாது.

இம்முறைக்கும் எல்லையுண்டு. 16 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு வேறு அட்டவணைகள் உள்ளன. டெங்கு நோயாளியின் குருதியமுக்கம் 112/92 ஆக இருந்தால் மேலெண் 112 என்பதால் புள்ளி பூச்சியம். ஆனால் இரு எண்களுக்கும் இடையேயான வித்தியாசம் 20 ஆகக் குறுகிவிட்டமை அதிர்ச்சிநிலையின் அறிகுறியாகும். சிறுநீரின் அளவும் இவ்வட்டவணையில் இல்லை. ஆகவே புள்ளி குறைவென்பது ஆபத்தில்லை என்பதற்கு உத்தரவாதமன்று; புள்ளி உயர்ந்தால் அதற்குக் காரணம் கண்டறியப்பட்டேயாக வேண்டும்.

கட்டிலருகே இருக்கும் உறவினர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், மூச்சு விரைகின்றதா, சிறுநீர் போகின்றதா, பேச்சுத் தடுமாறுகின்றதா என்பதையும் கவனித்துத் தாதியரிடம் கூறுவது நலம். காய்ச்சல் குறைந்த அந்த மாலையில் தப்பிப்போகும் தகவல் பெரும்பாலும் அதுவே.