ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பளம்

பேறுகால விடுப்புச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ.யில் பதிவான பெண்ணுக்கு அந்த நிறுவனமே தரும். மற்றவர்களுக்கு முதலாளிதான் தன் கையிலிருந்து தர வேண்டும். அரசு மானியம் எதிர்பார்த்துப் பயனில்லை.

முதலாளி தரும் தொகைக்குக் கணக்கு இது: விடுப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த நாட்களின் சராசரி தினக்கூலி, பெருக்கல் விடுப்பு நாட்கள். தகராறு வருவது இங்கேதான். ஞாயிறைக் கழித்துவிட்டது ஒரு தோட்ட நிர்வாகம். கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கில், வாரத்துக்கு ஏழு நாளும் சேரும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தினக்கூலி 400 ரூபாய் என்றால், 26 வாரத்துக்கு 182 நாள்: 72,800 ரூபாய். ஞாயிறுகளைக் கழித்தால் 62,400தான். கைக்கு வந்த தொகையைத் தினக்கூலியால் வகுத்து 156 வந்தால், ஞாயிறுகள் விடுபட்டிருக்கின்றன.